கடை மேல பொய்ப்புகார், ஊர்ப் பக்கத்தில் போட்டோ வைரல்... அட்மினுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

படம் உண்மையாக இருக்கும். அதற்கு மேலே எழுதியிருக்கும் ஒரு வரி மட்டும் பொய்யாக இருக்கும். அந்த ஒரு வரியால் கடைக்குக் கூட்டம் வராமல் போய்விடும். ஊர்ப் பெயரில் நடக்கும் முகநூல் பக்கத்தில் இப்படி ஒரு பதிவு வந்தால், கடைக்காரர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அட்மினுக்கு என்ன எழுத வேண்டும்? எதை எழுதவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

அம்பாறையில் நடந்தது என்ன?

2018 பிப்ரவரி 26. இலங்கையின் அம்பாறை நகரில், தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர், கறிக் குழம்பில் ஏதோ கட்டியாக இருப்பதாகச் சத்தம் போட்டார். 'சிங்களவர்களுக்குக் குழந்தை பிறக்காமல் இருக்க மாத்திரை கலக்குகிறார்கள்' என்று கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டம் கேட்ட கேள்வி புரியாமல் தடுமாறி அவர் சொன்ன பதிலை, செல்போனில் வீடியோ எடுத்து 'ஒப்புக்கொண்டார் பாருங்கள்' என்று சமூக வலைதளத்தில் பரப்பினார்கள்.

அன்று இரவே கடை அடித்து நொறுக்கப்பட்டது. அருகில் இருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. குழம்பை ஆய்வு செய்த அரசுப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னது, அந்தக் கட்டி வெறும் மாவு என்பதுதான். ஆனால் அந்த முடிவு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 2018-ல் இலங்கையில் நடந்த வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக, பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது.

அதே 2018 நவம்பர் மாதம் சென்னையிலும் ஒன்று நடந்தது. எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரில் இருந்து வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டது. 'நாய்க்கறி' என்று போட்டோவோடு செய்தி பறந்தது. பிரியாணிக் கடைகளைப் பார்த்தே மக்கள் ஒதுங்கினார்கள். சில நாட்களில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது: அது ஆட்டிறைச்சி.

இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குழம்பில் கட்டி இருந்தது உண்மை. பெட்டியில் இறைச்சி இருந்தது உண்மை. படத்தில் பொய் இல்லை, படத்துக்குச் சொன்ன விளக்கத்தில்தான் பொய். கடைக்காரர் எழுதும் கடிதமும் அந்த விளக்கத்தைத்தான் குறிவைக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம்

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூரில், அரியலூர் - தஞ்சாவூர் சாலையில் ஒரு மளிகைக் கடை. ஊர்ப் பெயரில் நடக்கும் ஒரு முகநூல் பக்கத்தில் அந்தக் கடையின் மின்னணுத் தராசுப் படம் வருகிறது. தராசு காலியாக இருக்கிறது. ஆனால் திரையில் -0.150 என்று காட்டுகிறது. மேலே ஒரு வரி: 'ஒரு கிலோ வாங்கினால் 150 கிராம் அபேஸ்! தராசிலேயே கைவரிசை காட்டும் கடை. உஷார் மக்களே!'

பார்க்கிற யாருக்கும் 'அடப்பாவி' என்றுதான் தோன்றும். ஆனால் மளிகைக் கடையில் நிற்பவருக்கு அந்த எண் என்னவென்று தெரியும்.

பருப்பையோ சர்க்கரையோ பாத்திரத்தில் கொட்டி எடை போடும்போது, பாத்திரத்தின் எடை பொருளோடு சேர்ந்துவிடக் கூடாது. அதற்காகக் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்துவார்கள். பாத்திரம் 150 கிராம் இருந்தாலும் திரையில் சைபர் வந்துவிடும். பிறகு பாத்திரத்தைக் கையில் எடுத்தால் திரை -0.150 காட்டும். திரும்ப வைத்தால் மறுபடி சைபர். படம் எடுத்தவர், பாத்திரம் கடைக்காரர் கையில் இருந்த நேரத்தில் எடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. திரை -0.150 காட்டும்போது பொருளை நேரடியாகத் தட்டில் வைத்து, 1.000 வரும் வரை போட்டால், உள்ளே இருப்பது 1 கிலோ 150 கிராம். நஷ்டம் கடைக்காரருக்குத்தான்! காலித் தராசு, மைனஸ் இல்லாமல் 0.150 என்று காட்டி, அதன் மேலேயே பொருளை வைத்தால்தான் வாடிக்கையாளருக்கு எடை குறையும். கடைக்குப் போகும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது இது. எடை போடும் முன் திரையில் சைபர் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

ஆக, 'அந்தப் படம் போலி' என்று அட்மினுக்கு எழுதினால் கடைக்காரர் தோற்றுப்போவார். படம் எடுத்தவர் ஒரிஜினலைக் காட்டிவிடுவார். 'படம் எங்கள் தராசுதான், அதன் மேல் எழுதியிருப்பது தவறு' என்று எழுதினால்தான் கடிதம் நிற்கும்.

கடிதத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை

பதற்றத்தில் முதலில் தோன்றுவது போனை எடுத்து, 'தம்பி, அந்தப் படத்தை எடுத்துடுப்பா' என்று கேட்பது. அட்மின் நல்லவராக இருந்தால் எடுத்தும் விடுவார். ஆனால் பதிவு அழிந்த பிறகு, அதே படம் பத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், முதலில் எங்கே வந்தது, என்ன எழுதியிருந்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் ஆதாரம் முதலில், கடிதம் அடுத்து.

பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டு, லிங்க்கை நகலெடுத்துச் சேமிக்க வேண்டும். பக்கத்தின் பெயர், பதிவிட்ட தேதி, நேரம், முழு வாசகம், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பக்கத்தின் முகப்பில் தொடங்கி, அந்தப் பதிவு வரை விரலால் நகர்த்திப் போகும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒன்றும் எடுத்து வைப்பது நல்லது. கமெண்ட்டுகளையும் விடக் கூடாது. 'இனிமே அந்தக் கடைக்கு போகமாட்டேன்' என்று யாராவது எழுதியிருந்தால், பாதிப்பைக் காட்ட அதுவும் உதவும்.

எந்தப் போனில் எடுத்தார்களோ, அந்தப் போனையும் அதில் உள்ள கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, அது எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்ற சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். யாரோ அனுப்பிய ஃபார்வர்டு ஸ்கிரீன்ஷாட்டுக்கு இந்தச் சான்றிதழ் கொடுப்பது சிரமம். சொந்தப் போனில் எடுத்ததற்குச் சுலபம்.

அடுத்து, பொய்யை உடைக்கும் சான்று. இந்த உதாரணத்தில் அது தராசின் முத்திரைச் சான்றிதழ். கடைகளில் உள்ள மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறை, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழில் தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் அதை இணைத்துப் பயனில்லை, அதுவே கடைக்கு எதிரான ஆதாரமாகிவிடும்.

கூடவே ஒரு நிமிட வீடியோ. காலித் தராசில் சைபர். முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் 1.000. பிறகு பாத்திரத்தை வைத்து, டேர் அழுத்தி, எடுத்தால் -0.150. கட் செய்யாமல் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும். நூறு வரி விளக்கத்தை விட இந்த ஒரு நிமிடம் பேசும்.

யாருக்கு எழுதுவது?

'அட்மின்' என்று பொதுவாகச் சொன்னாலும், மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் மூவரும் ஒன்றல்ல.

முகநூல் பக்கம் என்றால், பக்கத்தின் பெயரில் வரும் பதிவை அதை நடத்துபவரோ, அவர் அனுமதித்தவரோதான் போடுகிறார். 'எங்களுக்கு யாரோ அனுப்பினாங்க, நாங்க போட்டோம்' என்று சொன்னாலும், வெளியிட்டது அவர்தான்.

முகநூல் குழு என்றால், பதிவை எழுதியவர் ஒரு உறுப்பினர். அட்மின் கையில் இருப்பது அதை நீக்கும் அதிகாரம். இங்கே கடிதம் அட்மினுக்கும் போக வேண்டும், எழுதியவருக்கும் போக வேண்டும்.

வாட்ஸ்அப் குழு என்றால் அட்மினின் பொறுப்பு இன்னும் குறைவு. உறுப்பினர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மீது குற்ற வழக்கு நிற்காது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. அட்மினும் சேர்ந்து திட்டமிட்டதற்கு ஆதாரம் இருந்தால் கதை வேறு.

அதனால் 'நீதான் அட்மின், உன்னை உள்ளே தள்ளுவேன்' என்ற மிரட்டல், பல நேரம் சட்டப்படி வெற்று மிரட்டல்தான். அது தெரிந்த அட்மின், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

மேலே சொன்ன உதாரணத்துக்குக் கடிதம் எழுதினால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> பெறுநர்: ......... முகநூல் பக்கத்தின் நிர்வாகி அவர்கள்
>
> பொருள்: எங்கள் கடை பற்றிய தவறான பதிவை நீக்கவும், திருத்தம் வெளியிடவும் கோருதல்
>
> வணக்கம்.
>
> நான் கீழப்பழுவூரில் ......... மளிகைக் கடை நடத்தி வருகிறேன். தங்கள் பக்கத்தில் ......... தேதி, ......... மணிக்கு எங்கள் கடைத் தராசின் படத்துடன் ஒரு பதிவு வந்துள்ளது. அதன் லிங்க்: .........
>
> அந்தப் பதிவில், 'ஒரு கிலோ வாங்கினால் 150 கிராம் அபேஸ்! தராசிலேயே கைவரிசை காட்டும் கடை' என்று எழுதப்பட்டுள்ளது. படத்தில் இருப்பது எங்கள் தராசுதான். ஆனால் இந்த வாசகம் உண்மையல்ல.
>
> படத்தில் தெரியும் -0.150 என்பது, எடைக் கழிவு செய்த காலிப் பாத்திரத்தைத் தராசிலிருந்து எடுத்தபோது வரும் எண். பாத்திரத்தைத் திரும்ப வைத்தால் அது சைபராகிவிடும். இந்த எண்ணால் வாடிக்கையாளருக்கு எடை குறையாது. எங்கள் தராசு ......... தேதியில் முத்திரையிடப்பட்டு, ......... வரை செல்லும். சான்றிதழ் நகலும், தராசைச் சோதித்துக் காட்டும் வீடியோவும் இணைத்துள்ளேன். தாங்கள் நேரில் வந்து, தங்கள் கையாலேயே எடை வைத்துச் சோதிக்கலாம்.
>
> ஆகவே, 1) இந்தக் கடிதம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பதிவை நீக்க வேண்டும். 2) அதே பக்கத்தில், இந்தத் தகவல் தவறு என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். 3) தங்கள் பக்கத்திலிருந்து வேறு குழுக்களில் பகிர்ந்திருந்தால், அங்கும் நீக்க வேண்டும்.
>
> எங்கள் வாடிக்கையாளர் யாருக்காவது எடை குறித்துச் சந்தேகம் இருந்தால், தாராளமாகக் கடைக்கு வரலாம், தொழிலாளர் துறையிடமும் புகார் செய்யலாம். பதிவு நீக்கப்படாவிட்டால் சட்டப்படியான வழியை நாட வேண்டியிருக்கும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு, (பெயர், கையொப்பம், தேதி)

இந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்தின் மெசேஜ் பெட்டியில் அனுப்பலாம். பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கும் அனுப்பலாம். அட்மினின் முகவரி தெரிந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புவது இன்னும் நல்லது. எப்போது கிடைத்தது என்பதுதான் பின்னால் முக்கியமான கேள்வியாகப் போகிறது.

'48 மணி நேரம்' என்பது சட்டம் வைத்த கெடு அல்ல. தனியார் பக்கத்தின் அட்மினுக்குக் கடைக்காரர் எழுதும் கடிதத்துக்கு, இத்தனை நாளில் பதில் என்று சட்டத்தில் இல்லை. அது கடைக்காரர் தரும் நியாயமான அவகாசம்.

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. தண்டனை 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஆனால் அதே பிரிவில் விதிவிலக்குகளும் உண்டு. பொதுநலனுக்காக உண்மையைச் சொன்னால் அவதூறு இல்லை. அடுத்தவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரிக்கை செய்தாலும் அவதூறு இல்லை.

ஊர்ப் பக்க அட்மின்கள் பெரும்பாலும் சாய்ந்துகொள்வது இந்த இரண்டாவது தூணில்தான். 'மக்களை உஷார்படுத்தத்தான் போட்டோம்' என்பார்கள். ஆனால் உரிய கவனம் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்ல முடியாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது.

முதல் நாள் 'எனக்குத் தெரியாது' என்று அட்மின் சொல்லலாம். முத்திரைச் சான்றிதழும் வீடியோவும் கையில் வந்த பிறகும், படித்துப் பார்க்காமல் அப்படியே விட்டால்? 'உரிய கவனம் எடுத்தேன்' என்று சொல்வது கஷ்டம். கடிதம் செய்யும் வேலை இதுதான். அதனால்தான் ஆதாரம் இணைக்காத, கோபம் மட்டும் நிறைந்த கடிதத்துக்கு மதிப்பில்லை.

பதிவை நீக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ-வுமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய ஒரு பதிவை 2018-ல் முகநூலில் பகிர்ந்தார். பிறகு அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் மறுத்துவிட்டது. சமூக வலைதளத்தில் அனுப்பிய செய்தி எய்த அம்பு போன்றது, அனுப்பியவரே விளைவுக்குப் பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் கருத்து. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. விவகாரம் வேறு என்றாலும், 'நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்', 'அதான் டெலீட் பண்ணிட்டேனே' என்ற இரண்டு சாக்கும் தானாகவே காப்பாற்றிவிடாது என்பதற்கு இந்த வழக்கு நல்ல உதாரணம்.

எதையெல்லாம் எழுதக் கூடாது?

படம் அனுப்பியவர் யார் என்று ஊகித்துப் பெயர் எழுதக் கூடாது. எதிர்க்கடைக்காரர்தான் செய்தார் என்று ஆதாரம் இல்லாமல் எழுதினால், அவதூறு வழக்கு இந்தப் பக்கம் திரும்பும். கடையின் சிசிடிவியில் இருந்து அந்த வாடிக்கையாளரின் முகத்தை எடுத்துப் போடுவதும் அதே தப்புதான்.

சாதி, மதம், கட்சி எதையும் கடிதத்துக்குள் கொண்டுவரக் கூடாது. பணம் தருகிறேன் என்றும் எழுதக் கூடாது, பணம் கொடுத்தால்தான் வழக்கு இல்லை என்றும் எழுதக் கூடாது. அட்மினே 'இவ்வளவு கொடுங்க, எடுத்துடறேன்' என்று கேட்டால், அந்த மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அது பணம் பறிக்கும் குற்றம், அவதூறை விடப் பெரிய விவகாரம்.

அட்மின் ஆள் அனுப்பி, கேமராவை நீட்டி 'பதில் சொல்லுங்க' என்றால், அவசரப்பட்டுப் பேச வேண்டாம். அம்பாறைக் கடைக்காரருக்கு நடந்தது நினைவில் இருக்கட்டும். எழுதிக் கொடுத்த பதிலை யாரும் பாதியில் வெட்ட முடியாது. வெட்டினாலும் முழு நகல் கடைக்காரரிடம் இருக்கும்.

அட்மின் எடுக்க மறுத்தால்?

முகநூலிலேயே புகார் செய்யலாம். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியப் பயனர்களின் புகாரைப் பெற ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், மத்திய அரசு அமைத்துள்ள குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு gac.gov.in வழியாக மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால் இதில் ஒரு எல்லை உண்டு. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, யார் சொல்வது சரி என்று பேஸ்புக் போன்ற நிறுவனம் தானே தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கும் சட்டக் கடமை வரும். அதனால் அவதூறுப் புகாருக்கு 'கோர்ட் ஆர்டர் கொண்டுவாருங்கள்' என்ற பாணியில் பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அட்மினுக்கு நேரடியாக எழுதும் கடிதம் முதலில் வர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுவனம் உத்தரவுக்காகக் காத்திருக்கலாம். அட்மின் மனசு வைத்தால் ஒரு நிமிடம் போதும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் வெறும் அவதூறு என்பது, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. பதிவை நீக்க உத்தரவும் நஷ்டஈடும் வேண்டும் என்றால் சிவில் வழக்கு. நஷ்டஈட்டு வழக்குக்கு அவகாசம் ஒரே ஆண்டுதான், பதிவு வெளியான நாளில் இருந்து. 'பேசிப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம்' என்று இழுத்துக்கொண்டே போனால், இந்த ஒரு ஆண்டு கையை விட்டுப் போய்விடும்.

பதிவில் மத, சாதி வெறுப்பைத் தூண்டும் வார்த்தை இருந்தாலோ, 'கடையை அடிச்சு நொறுக்குங்க' என்று கமெண்ட் வந்தாலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே கடிதம் எழுதிக்கொண்டு 48 மணி நேரம் காத்திருக்கக் கூடாது. உடனே 112-க்கு அழைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ, cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்ய வேண்டும். இந்த வகைக் குற்றங்களில் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியும்.

புகார் உண்மையாக இருந்தால்?

இந்தக் கேள்வியைக் கடைக்காரர் கடிதம் எழுதும் முன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். தராசு உண்மையிலேயே பழுதாகி எடை குறைத்துக் காட்டியிருந்தால், 'பொய்' என்று கடிதம் எழுதுவது கடையை இன்னும் ஆழத்தில் தள்ளும். அந்த இடத்தில் செய்ய வேண்டியது தராசை மாற்றுவதும், அதை வெளிப்படையாகச் சொல்வதும்தான். பதிவில் பாதி உண்மை, பாதி மிகை என்றால், எந்த வரி தவறோ அந்த வரியைத் திருத்தச் சொல்லி மட்டும் கேட்கலாம்.

'சர்வீஸ் சரியில்லை', 'விலை அதிகம்' என்பதெல்லாம் வாடிக்கையாளரின் கருத்து. கடைக்காரருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் நீக்கச் சொல்ல முடியாது. 'எடையில் திருடுகிறார்கள்' என்பது கருத்து அல்ல. அது ஒரு செய்தி. சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய செய்தி. கடிதம் எழுதத் தகுந்தது இந்த இரண்டாவது ரகம்தான்.

அட்மின்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தராசுப் படம் வந்தால் பதிவிடும் முன் கடைக்கு ஒரு போன் போட்டு, 'அண்ணே, இப்படி ஒரு படம் வந்திருக்கு, நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்டால் போதும். பதிலையும் சேர்த்துப் போடலாம், அல்லது போடாமலே விடலாம். எடை குறைவதாக வாடிக்கையாளர் உறுதியாகச் சொன்னால், தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கச் சொல்லலாம். ஆய்வாளர் வந்து எடைக்கல் வைத்துப் பார்த்தால் உண்மை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நீக்கிய பிறகு...

அட்மின் பதிவை எடுத்துவிட்டார் என்றால், அந்த லிங்க்கைத் திறந்து, பதிவு இல்லை என்பதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். திருத்தப் பதிவு வந்தால் அதன் லிங்க்கைச் சேமித்து, படம் சுற்றிய வாட்ஸ்அப் குழுக்களில் அதை மட்டும் பகிரலாம். பழைய படத்தை 'இது பொய்' என்று எழுதிக் கடைக்காரரே மறுபடி பரப்பக் கூடாது. அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் படுவது -0.150 மட்டும்தான். 'பொய்' என்ற வார்த்தையைப் பலரும் படிக்கமாட்டார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி முத்திரைச் சான்றிதழைத் தொங்கவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் அந்த ஒரு கிலோ எடைக்கல்லையும் வைத்துவிடலாம். சந்தேகப்படுபவர் போட்டோ எடுப்பதற்குப் பதிலாக, கல்லை எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.